ஏழு புள்ளியும் என் சந்தேகமும்

போன மாதத்தில் ஒரு புதன்கிழமை. ஸ்கூல் விட்டு வந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். போன் 'டிங்' என்றது. எடுத்துப் பார்த்தால் வட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ். மெசேஜ் என்றா சொல்வது? வந்திருந்தது இவ்வளவுதான்:

.......

எழுத்து இல்லை, படம் இல்லை, ஒரு கும்பிடு கூட இல்லை. ஏழு புள்ளி. பின்னாலேயே ஏதாவது வரும் என்று போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். தேத்தண்ணி ஆறியதுதான் மிச்சம்.

அனுப்பியவள் தர்ஷினி. பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்க்கிறாள். அதற்கு முந்தின ஞாயிறுதான் நாங்கள் அவளைப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தோம். மாப்பிள்ளை, என் அக்கா மகன் பிரசாந்த். பண்டாரவளையில் ஒரு பார்மசியில் வேலைக்கு நிற்கிறான். நடுவில் நின்று இந்தச் சம்பந்தத்தைப் பேசியது யார் என்று கேட்கிறீர்களா? வேறு யார்… நான்தான்.

அன்று காலையில் அவளுக்கு இப்படி அனுப்பியிருந்தேன்: "தர்ஷினி, ஒங்க முடிவு என்னம்மா? கூச்சப்படாம சொல்லுங்க. அக்கா நாள் பாக்கணும்னு சொல்றாங்க."

அதற்குத்தான் இந்த ஏழு புள்ளி.

சம்மதமா என்று கேட்டால் சம்மதம் எனலாம். இல்லை எனலாம். யோசிச்சுச் சொல்றேன் எனலாம். புள்ளி என்ன பதில்?

என்னை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு என் குணம் தெரியும். கடைக்காரர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தால் நான் தராசைப் பார்ப்பேன். பக்கத்து வீட்டுக்காரி கேட்காமலேயே பலகாரம் கொண்டுவந்து தந்தால், என்ன கேட்கப் போகிறாள் என்று யோசிப்பேன். அப்படிப்பட்டவளுக்கு ஏழு புள்ளி வந்தால் சும்மா இருப்பேனா?

"கை பட்டிருக்கும். விட்டுத் தொலையேன்" என்றார் எங்கள் வீட்டுக்காரர், பேப்பரை விட்டுத் தலையைத் தூக்காமலே.

கை பட்டிருக்குமா? சோதித்துப் பார்த்தேன். என் போனில் புள்ளியை அழுத்திப் பிடித்தால் புள்ளி வரிசையாக ஓடாது. கேள்விக்குறி, ஆச்சரியக்குறி, அது இது என்று ஒரு குட்டிப் பெட்டி மேலே எழும்பும். ஏழு புள்ளி வேண்டுமென்றால் ஏழு தடவை தட்டத்தான் வேண்டும். சரி, கைப்பைக்குள் கிடந்து தானாக அழுந்தியிருந்தால்? அப்படியானால் நடுவில் ஒரு 'க', ஒரு 'ப' என்று கண்டதும் வந்திருக்குமே. இடைவெளியை இரண்டு தடவை தட்டினால் போனே ஒரு புள்ளி போட்டுக்கொடுக்கும். ஆனால் அதன் பின்னால் ஒரு இடம் விடும். இந்த ஏழும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

"தமிழ் எழுத்து ஒன்ட போன்ல சரியா விழாம இருந்திருக்கும்" என்றார் அவர்.

அப்படி விழாவிட்டால் வருவது கட்டம். பழைய போன்களில் நம் தமிழெல்லாம் கட்டம் கட்டமாக வந்த காலம் மறந்துவிட்டதா? புள்ளியாக வராது.

"அந்தத் தோட்டத்துல சிக்னல் இல்ல. பாதி மெசேஜ்தான் வந்திருக்கும்."

வட்ஸ்அப்பில் பாதி வராது. வந்தால் முழுசாக வரும். வராவிட்டால் அனுப்பியவர் போனிலேயே ஒரு குட்டிக் கடிகாரம் காட்டிக்கொண்டு கிடக்கும். எழுதியனுப்பிவிட்டு அழித்திருந்தால், அழித்த தடயம் நிற்கும். அனுப்பியதைத் திருத்தியிருந்தால், திருத்தியது என்று ஓரத்தில் சின்னதாகப் போட்டிருக்கும். இதில் எதுவும் இல்லை. ஆக, அந்தப் பெண் உட்கார்ந்து, நிதானமாக, ஏழு தடவை தட்டி அனுப்பியிருக்கிறாள்.

"ஒன்னய சிஐடியில எடுக்காம விட்டானுங்களே" என்று பேப்பருக்குள் மறுபடி புகுந்துகொண்டார் மனுஷன்.

புள்ளி வைப்பவர்களில் பல ரகம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. என் அக்கா ஒரு ரகம். "பஸ் ஏறிட்டேன்.... மழ.... சோறு ஆக்கியாச்சா...." என்றுதான் அனுப்புவாள். அவளுக்குக் காற்புள்ளியும் அதுதான், முற்றுப்புள்ளியும் அதுதான். அதில் தயக்கமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது, கட்டைவிரல் பழக்கம். இன்னொரு ரகம் கோபத்தில் வைப்பது. 'உன்கிட்ட பேசி என்ன' என்பதைப் புள்ளியாக்கி அனுப்புவார்கள். நானும் ஒரு ரகம்தான். இந்தப் பத்தியை அனுப்பும்போது இஷ்டத்துக்குப் புள்ளி வைப்பேன். பத்திரிகை ஆசிரியர் பிரிவில் இருக்கிற தம்பி அதையெல்லாம் மூன்றாக்கிவிடுவார்.

தர்ஷினி எந்த ரகம்? மேலே தள்ளி அவளுடைய பழைய மெசேஜ்களைப் பார்த்தேன். "ஆன்ட்டி, பஸ் நேரத்துக்கு வந்துச்சா?" "சரி ஆன்ட்டி. அம்மாகிட்ட சொல்றேன்." எல்லாம் சுத்தபத்தமாக இருந்தது. கேள்வி என்றால் கேள்விக்குறி. முடிந்தால் ஒரே ஒரு புள்ளி. பழக்கத்தில் புள்ளி வைக்கிறவள் இல்லை இவள். வைக்காதவள் வைத்திருக்கிறாள் என்றால், அதற்குள் என்னமோ இருக்கிறது.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தோட்டப் பக்கங்களில் பெண் பார்த்துவிட்டு வந்தால் பெண் வீடு நேரடியாக 'வேண்டாம்' என்று சொல்வது அபூர்வம். 'பேசிக்கிட்டு சொல்றோங்க' என்பார்கள். கொஞ்ச நாள் போகும். பெண் வாய் திறக்காவிட்டால் சரி என்று எடுத்துக்கொண்டு பரிசம் போட நாள் பார்த்துவிடுவார்கள். மாப்பிள்ளை வீடு பின்வாங்கினால் 'அமையல' என்பதோடு முடிந்தது. பெண் பின்வாங்கினாலோ, தோட்டத்து வரிசை வீடுகள் நிறைந்த லயம் முழுக்க ஒரே கேள்விதான்: யாரு அவன்?

அன்று பின்னேரமே அக்காவுக்குக் கோல் எடுத்து விஷயத்தைச் சொன்னேன். கேட்டதும் அவளுக்கு வாயெல்லாம் பல்.

"அடியே, வெக்கப்படுதுடி புள்ள! வாய் தொறந்து சரின்னு சொல்லுமா? நான் ஐயர்கிட்ட நாள் கேட்டுறவா?"

"கொஞ்சம் பொறு அக்கா."

"என்ன பொறுக்குறது? அவன் வயசுப் பயலுக எல்லாம் புள்ளய ஸ்கூலுக்குக் கூட்டிக்கிட்டுப் போறானுக!"

அக்காவுக்கு ஏழு புள்ளியும் வெட்கம். வீட்டுக்காரருக்குக் கைப்பிசகு. எனக்கு? எனக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தோன்றியது. இந்தப் பெண்ணுக்கு வேறு யாரோ இருக்கிறான்.

"என்னம்மா தர்ஷினி?" என்று திருப்பிக் கேட்டு அனுப்பினேன். உடனே இரண்டு சரி அடையாளமும் நீலமாகிவிட்டது. பார்த்துவிட்டாள். பெயருக்குக் கீழே 'டைப்பிங்' என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. பெரிய கடிதமே எழுதுகிறாள் என்று நினைத்தேன். மறுபடி நின்றது. ஆள் ஒன்லைனில் இருக்கிறாள், ஆனால் ஒன்றும் வரவில்லை. இப்படியே கொஞ்ச நேரம் ஓடிவிட்டு ஒன்லைனும் போய்விட்டது. எழுதுவதும் அழிப்பதுமாக இருந்திருக்கிறாள்! கோல் எடுத்தேன். அடித்தது, அடித்தது… எடுக்கவில்லை. ஒளிக்க ஒன்றும் இல்லாதவள் போனை எடுக்க மாட்டாளா?

மறுநாள் பிரசாந்தைக் கூப்பிட்டேன்.

"அவ என்ன சொன்னா சின்னம்மா?" எடுத்த எடுப்பில் அதைத்தான் கேட்டான். ஹலோ கூட இல்லை.

"ஒண்ணும் சொல்லலடா. புள்ளியா போட்டு அனுப்பியிருக்கா."

"புள்ளியா? வேணாம்னு சொல்லலையா?"

"இல்லப்பா. ஏன் பயப்படுற?"

"இல்ல சின்னம்மா… அவ வேணாம்னா கட்டாயப்படுத்தாதீங்க. விட்ருங்க. பாவம்."

எவ்வளவு நல்ல பிள்ளை என்று உருகிப்போனேன். பெண் வேண்டாமென்று சொல்லிவிடுவாளோ என்று பயல் தவிக்கிறான், இருந்தும் அவளைக் கட்டாயப்படுத்தக்கூடாது என்கிறான். இப்படியொரு பையனைப் போய்ப் புள்ளி வைத்து அலைய விடுகிறாளே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அந்த ஆத்திரத்தில்தான் அந்த வேலையைச் செய்தேன். பசறையில் என்னோடு முன்பு படிப்பித்த சாந்தி டீச்சர் இருக்கிறார். அவருக்கு அந்தத் தோட்டத்தில் ஆட்களைத் தெரியும். "டீச்சர், அந்தப் புள்ளைக்கு வேற எங்கயாச்சும் பழக்கம் இருக்கான்னு மெதுவா விசாரிச்சு சொல்றீங்களா?" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். இந்த மாதிரி விஷயம் மெதுவாகப் போகுமா?

ஞாயிற்றுக்கிழமை நானே கிளம்பினேன். புள்ளிக்குப் பதில் புள்ளியில் கிடைக்காது, முகத்தில்தான் கிடைக்கும். எங்கள் பதுளை ஸ்டாண்டில் பசறை பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்துக்கொண்டு போய் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ. வழியெல்லாம் என்ன கேட்பது, எப்படி மடக்குவது என்று ஒத்திகை. அந்தப் பையன் யாராக இருக்கும் என்றுகூட முடிவு கட்டிவிட்டேன். பெண் பார்க்கப் போன அன்று நாற்காலி தூக்கிக் கொடுத்தானே, ஒரு சிவப்புச் சட்டைக்காரன்… அவனேதான்!

லயத்துக்குள் நுழையும்போதே வித்தியாசம் தெரிந்தது. போன தடவை 'வாங்க வாங்க' என்று சிரித்தவர்கள் இந்தத் தடவை பார்த்துவிட்டுப் பார்க்காதமாதிரி உள்ளே போனார்கள்.

தர்ஷினியின் அம்மா மரகதம் வாசலில் நின்றிருந்தார். கணவர் போய்ச் சேர்ந்த பிறகு கொழுந்தெடுத்தே மகளை ஏ.எல். வரை படிக்க வைத்த பெண்மணி. கண் வீங்கியிருந்தது. 'வாங்க' என்று சொன்னார். ஆனால் பாய் போடவில்லை.

"டீச்சர், என் புள்ளய பத்தி நீங்க என்னா கேட்டீங்க?"

நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அவரே தொடர்ந்தார்.

"அவளுக்கு ஆள் இருக்கான்னு பதுளையிலேருந்து கேட்டு வந்துச்சாம். கொழுந்து நிறுக்குற எடத்துல வச்சு என்கிட்டயே கேக்குறாளுக. 'என்னக்கா, ஒன் மகளுக்கு மாப்பிள்ள புடிக்கலயாமே, உள்ளுக்குள்ள ஆள் இருக்கானாமே'ங்குறாளுக. நேத்து இவ அண்ணன் முறை ஒருத்தன் சாராயத்த போட்டுட்டு வந்து கதவ ஒதைக்கிறான். புள்ள நாளைக்கு வேலைக்கு எப்படி டீச்சர் போகும்? அந்தக் காம்பராவுல இவள நம்பித்தானே எல்லாம் புள்ளய விட்டுட்டுப் போகுதுக? இவளுக்கு இன்னொரு எடம் வருமா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடத்திலும் எனக்குள் இருந்த சிஐடி தூங்கவில்லை. நெருப்பில்லாமலா புகையும், இந்த அம்மாவுக்குத் தெரியாமல் இருக்கலாமே என்றுதான் ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. "நான் தர்ஷினிகிட்ட தனியா பேசணும்" என்றேன்.

உள்ளேயிருந்து அவளே வந்தாள். அழுதிருந்தாள், ஆனால் குரல் நடுங்கவில்லை. "வாங்க ஆன்ட்டி" என்று வீட்டுக்குப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். அங்கேதான் பெண் பார்க்கப் போன அன்று நான் அவளையும் பிரசாந்தையும் தனியாகப் பேச விட்டேன். 'காலம் மாறிப்போச்சு, பிள்ளைகள் பத்து நிமிஷம் பேசட்டுமே' என்று பெரிய முற்போக்குவாதி மாதிரி எல்லாரிடமும் சொன்னதும் நான்தான்.

"கேளுங்க ஆன்ட்டி."

"அந்தப் புள்ளிக்கு என்னம்மா அர்த்தம்?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"அன்னிக்கு இந்த எடத்துல நின்னு ஒங்க மகன் மொதல்ல சொன்னதே, 'தயவுசெஞ்சு என்னய வேணாம்னு சொல்லிருங்க'ன்னுதான்."

எனக்குப் புரியவில்லை. "யார்… பிரசாந்தா?"

"அவரு கூட வேலை பாக்குற ஒரு பிள்ளைய ரொம்ப வருஷமா விரும்புறாராம். சிங்களப் பிள்ளையாம். வீட்ல சொன்னா அவங்கம்மா மருந்தக் குடிச்சிருவாங்களாம். 'நீங்க வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா இதோட முடிஞ்சிரும், நான் தப்பிச்சிருவேன்'னாரு. யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு கெஞ்சினாரு. எனக்கும் பாவமா போச்சு. சொல்ல மாட்டேன்னுட்டேன்."

பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீங்க முடிவு என்னன்னு கேட்டப்ப 'வேணாம்'னு எழுதினேன் ஆன்ட்டி. எழுதிட்டுப் பாத்தேன். இத அனுப்பினா இந்த லயம் என்னா பேசும்? மாப்பிள்ள நல்ல வேலையில இருக்கான், தண்ணி கிண்ணி இல்ல. அப்படிப்பட்டவன வேணாங்குறான்னா இவளுக்கு எவனோ இருக்கான்னுதானே? அழிச்சிட்டேன். 'சம்மதம்'னு எழுதினேன். அப்படி அனுப்பிட்டா என் வாழ்க்க என்னாகும்? அந்தச் சிங்களப் பிள்ள என்னா பாவம் பண்ணுச்சு? அதையும் அழிச்சிட்டேன். 'ஒங்க மகன்கிட்டயே கேளுங்க'ன்னு எழுதினேன். வாக்கு குடுத்தது ஞாபகம் வந்துச்சு. அழிச்சிட்டேன்."

"அப்புறம் ஏம்மா புள்ளி? சும்மா இருந்திருக்கலாமே?"

"எப்படி ஆன்ட்டி சும்மா இருக்கிறது? நான் தொறந்து பாத்ததுமே நீலச் சரி விழுந்துருச்சு. பாத்துட்டு பேசாம இருந்தா நீங்க சரின்னு எடுத்துக்குவீங்க. ஒங்க அக்கா நாள் குறிச்சிருவாங்க. 'சரி' இல்ல, 'வேணாம்'மும் இல்ல, ஆனா நான் இங்கதான் இருக்கேன், எனக்குச் சொல்ல இருக்குன்னு காட்டணும். அதுக்கு ஒரு வார்த்தையும் கெடைக்கல. புள்ளி போட்டேன். ரெண்டு போட்டா கை பட்டதுன்னு நெனச்சிருவீங்களோன்னு தட்டிக்கிட்டே இருந்தேன்."

அவள் நிறுத்தவில்லை.

"அதப் பாத்துட்டு யாராச்சும் வந்து 'என்னம்மா கஷ்டம்'னு கேப்பீங்கன்னு நெனச்சேன். அப்படிக் கேட்டா சொல்லிரலாம்னு இருந்தேன். நீங்க கோல் எடுத்தப்ப பக்கத்துல அம்மா இருந்தாங்க, பேச முடியல. இப்ப வந்திருக்கீங்க. ஆனா கேக்க வரல ஆன்ட்டி… முடிவு பண்ணிட்டு வந்திருக்கீங்க. அம்மா அழுவுறதப் பாத்த பொறகு எனக்கு அந்த வாக்கும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. போனில் கடிகாரம், கட்டம், நீலச் சரி என்று எல்லாவற்றையும் துருவினேனே… அந்தப் பெண்ணுக்கு ஒரு கஷ்டம் இருக்கலாம் என்ற ஒன்று மட்டும் என் மூளையில் உதிக்கவில்லை. வேறு யாரோ இருக்கிறார் என்ற என் சந்தேகம் சரிதான். இருந்தது இவளுக்கு இல்லை, எங்கள் வீட்டுப் பயலுக்கு!

அங்கிருந்தே பிரசாந்துக்குக் கோல் எடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"நான் தர்ஷினி வீட்ல நிக்கிறேன். எல்லாம் கேட்டுட்டேன்."

அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"அம்மாகிட்ட சொல்லிராதீங்க சின்னம்மா."

"ஏன்டா, இங்க ஒரு பொம்பளப் புள்ள பேரு நாறிக்கிட்டுக் கெடக்கு. ஒனக்கு ஒங்கம்மா பயமா?"

"நான் என்ன பண்றது? அவ அன்னிக்கே வேணாம்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்…"

"யாருக்குடா முடிஞ்சிருக்கும்? ஒனக்கு!" என்று வைத்துவிட்டேன். விரும்பியது குற்றமில்லை. சிங்களப் பெண் என்பதும் குற்றமில்லை. தன் வாயால் சொல்ல வேண்டிய 'வேண்டாம்' என்பதை முன்பின் தெரியாத ஒரு பெண் தலையில் கட்டிவிட்டு மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தானே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவன் தவித்த தவிப்பைக் கேட்டு உருகியவள்தானே நான். நினைக்க நினைக்க எரிந்தது.

ஞாயிறு என்பதால் பீலிக்கரையில் கூட்டம். மலையிலிருந்து குழாயில் தண்ணீர் விழும் அந்த இடத்தில்தான் லயத்துப் பெண்கள் உடுப்புத் துவைப்பார்கள், ஊர்க்கதையும் அங்கேதான். மரகதத்தையும் தர்ஷினியையும் கூட்டிக்கொண்டு நேரே அங்கே போனேன். துவைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இந்தச் சம்பந்தம் நின்னு போச்சு. இந்தப் புள்ள வேணாம்னு சொல்லி நிக்கல. எங்க பையன் வேற ஒருத்திய விரும்புறான், அத மறச்சிட்டுப் பொண்ணு பாக்க வந்துட்டான். தப்பு எங்க வீட்ல. இவளுக்கு ஆள் இருக்கான்னு கேட்டு அனுப்பினது நான்தான். அது பொய். எனக்குப் புத்தி கெட்டுப் போய்க் கேட்டேன்."

ஒரு பெண் சோப்பை வைத்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப ஒங்க பையன் நல்லவன்னு அன்னிக்கு அந்தப் பேச்சுப் பேசினீங்களே?"

"பேசினேன். எனக்கே தெரியாது" என்றேன். யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

திரும்பி வரும்போது மரகதம் ஆட்டோ வரை கூட வந்தார். மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் அப்படியெல்லாம் லேசில் விடுகிற ஆள் இல்லை.

"டீச்சர், வந்து சொன்னீங்க, சந்தோசம். ஆனா நீங்க போன்ல கேட்டது எந்தெந்த தோட்டத்துக்குப் போயிருக்குன்னு ஒங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இப்ப சொன்னது இந்தப் பீலிக்கரையோட நிக்குது."

பஸ்ஸில் திரும்பும்போதே சாந்தி டீச்சருக்குக் கோல் எடுத்து உள்ளதைச் சொல்லி, யார் யாரிடம் கேட்டாரோ அத்தனை பேரிடமும் போய்ச் சொல்லச் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் சொன்னேன். அக்கா மருந்தெல்லாம் குடிக்கவில்லை. முதலில் ஒரு மணித்தியாலம் அழுதாள். அப்புறம் குடும்ப வட்ஸ்அப் குரூப்பை விட்டு வெளியேறினாள். இன்றுவரை என்னோடு பேச்சில்லை. மகனோடு பேசுகிறாளாம்! பெற்ற வயிறு… போகட்டும்.

மரகதம் சொன்னது மட்டும் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. பீலிக்கரையைத் தாண்டிப் போக என்னிடம் என்ன இருக்கிறது? இந்தப் பத்தி இருக்கிறது. தர்ஷினியைக் கூப்பிட்டு, "இத எழுதவாம்மா? பேரையும் ஊரையும் மாத்திர்றேன்" என்று கேட்டேன்.

அவள் சொன்னாள்: "பேர மாத்துங்க ஆன்ட்டி. பசறைன்னே போடுங்க. இங்கயும் பேப்பர் வருது."

பெயர்களை மாற்றியிருக்கிறேன். பசறை, பசறைதான். அந்தப் பக்கத்து வாசகர்கள் யாராவது அந்தப் பழைய கதையைக் கேள்விப்பட்டிருந்தால், இந்தப் பக்கத்தை அவர்களிடம் நீட்டுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

மற்றவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த வீட்டுப் பெண்ணின் மெசேஜைத் துருவுவதற்கு முன்னால் நம் வீட்டுப் பையனின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள் — அதற்கு சிக்னல்கூடத் தேவையில்லை.